முதல் வருஷம் 99 ரூபாய், அடுத்த வருஷம் எவ்வளவு?

சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் டொமைன் பெயர் வாங்கப் போனால், முதலில் கண்ணில் படுவது விலைதான். .store 99 ரூபாய், .in 499 ரூபாய், .com 799 ரூபாய் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பார்த்ததும் 99 ரூபாய்ப் பக்கம் கை போகும். ஆனால் இந்த விலைகள் முதல் வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷத்திலிருந்து புதுப்பிக்க வேறு விலை. அதை யார் தீர்மானிக்கிறார், அவருக்கு யார் கடிவாளம் போட்டிருக்கிறார் என்பது பின்னொட்டைப் பொறுத்து மாறும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. பொள்ளாச்சியில் ஒருத்தர் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார் என்று வச்சுக்குவோம். புதுப்பிக்கும் விலை .in-க்கு 799, .com-க்கு 1,299, .store-க்கு 3,999 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். இதெல்லாம் கணக்குக்காக நான் போட்ட எண்கள். உண்மையான விலை விற்பவரைப் பொறுத்து மாறும். ஆனால் வித்தியாசம் இப்படித்தான் இருக்கும். 10 வருஷத்துக்கு, அதாவது ஒரு முதல் வருஷமும் ஒன்பது புதுப்பித்தலும் சேர்த்துக் கூட்டினால், .in 7,690 ரூபாய். .com 12,490 ரூபாய். 99 ரூபாய் .store 36,090 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. மூன்றில் மலிவாகத் தெரிந்ததுதான் கடைசியில் மூன்றிலும் அதிகம்.

"அதிகம்னா அடுத்த வருஷம் விட்டுட்டு வேற வாங்கிக்கலாமே?" என்று கேட்கலாம். அதற்குள் அந்தப் பெயர் எண்ணெய் டின் லேபிளில், பில் புத்தகத்தில், கடை போர்டில், வாடிக்கையாளர்கள் போனில் எல்லாம் ஏறியிருக்கும். மெயில் முகவரியும் அதே பெயரில்தான். விட்டுவிட்டால் வேறு யாரோ அதை வாங்கி, உங்களுக்கு வர வேண்டிய மெயிலை அவர்கள் வாங்கலாம். முதல் வருஷத்துச் சலுகை விலை இந்தப் பிடிமானத்தை நம்பித்தான் நிற்கிறது.

இப்போது விலை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரே ஒரு மொத்த வியாபாரிதான் உண்டு. அவருக்குப் பெயர் ரெஜிஸ்ட்ரி. .com-க்கு அமெரிக்காவின் வெரிசைன், .in-க்கு நம்ம ஊர் நிக்ஸி. நீங்கள் பணம் கட்டுவது ரெஜிஸ்ட்ரார் என்கிற சில்லறை வியாபாரியிடம். அவர் மொத்த விலைக்கு மேல் தன் லாபத்தை வைக்கிறார். சில்லறை வியாபாரி விலையை ஏற்றினால் தப்பிக்கலாம்: டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மொத்த வியாபாரி ஏற்றினால் ஓட இடமே இல்லை, ஏனென்றால் அந்தப் பின்னொட்டு வேறு யாரிடமும் கிடையாது. அதனால் பின்னொட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் மொத்த வியாபாரியைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

.com-க்கு ஒப்பந்தத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது. ஆறு வருஷச் சுற்றில் கடைசி நாலு வருஷம், வருஷத்துக்கு 7 சதவீதம் வரை மொத்த விலையை ஏற்றலாம். 2012 முதல் 2021 வரை 7.85 டாலராக நின்றிருந்த விலை, நாலு தடவை ஏறி 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. ஏற்றம்தான், ஆனால் முன்கூட்டியே கணக்குப் போடக்கூடிய ஏற்றம். டாலரில் இருப்பதால் ரூபாய் சரிந்தால் நமக்கு இன்னும் கொஞ்சம் ஏறும்.

.store, .shop, .online மாதிரியான புதுப் பொதுப் பின்னொட்டுகளுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. இவை 2012-ல் ஐகான் அமைப்பு விண்ணப்பம் வாங்கியதில் பிறந்தவை. 2017-ல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் .hosting உள்ளிட்ட சில பின்னொட்டுகளின் விலையைப் பல மடங்கு ஏற்றப்போவதாக அறிவித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கோடாடி அந்தப் பின்னொட்டுகளைப் புதிதாக விற்பதையே நிறுத்தியது. ஆனால் அந்த ஏற்றத்தைத் தடுக்க ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

இருந்தாலும் அந்த ஒப்பந்தத்தில் நமக்கு உதவுகிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, புதுப்பிக்கும் விலையை ஏற்ற வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரி 180 நாள் முன்னாடியே ரெஜிஸ்ட்ரார்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குள் பழைய விலையில் 10 வருஷம் வரை புதுப்பிக்க வழி விட வேண்டும். அதனால் விலை ஏறப்போகிறது என்று மெயில் வந்தால் அதை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டாவது, புதுப்பிக்கும் விலை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் கடை நன்றாக ஓடுகிறது என்று பார்த்து உங்களுக்கு மட்டும் ஏற்ற முடியாது. இதற்கு ஒரு விதிவிலக்கு 'பிரீமியம்' பெயர்கள். வாங்கும்போதே அதிக விலைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் வருஷா வருஷம் அதே அதிக விலைதான். வாங்கும் பக்கத்தில் Premium என்று இருந்தால், அது ஒரு தடவை மட்டும் கட்டுவதா, வருஷா வருஷமா என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

நாட்டுக் குறியீடுகள் தனி ரகம். இரண்டே எழுத்து இருந்தால் அது ஏதோ ஒரு நாட்டின் அல்லது பிரதேசத்தின் குறியீடு. .co கம்பெனி இல்லை, கொலம்பியா. .me மாண்டினீக்ரோ. இவற்றின் விலையும் விதியும் அந்தந்த நாட்டின் கையில். மேலே சொன்ன 180 நாள் விதி இங்கே செல்லாது. விதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் .eu நல்ல உதாரணம். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், 2021 ஜனவரியில் அந்த நாட்டு முகவரியில் பதிவாகியிருந்த சுமார் 80,000 பெயர்கள் முடக்கப்பட்டன. அவர்கள் ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதே காரணத்தால்தான் இந்தியாவில் இந்திய வாடிக்கையாளருக்கு விற்பவருக்கு .in பொருந்துகிறது. விதி போடுகிறவர் நம்ம நாட்டிலேயே இருக்கிறார். கூகுளும் .in தளத்தை இந்தியாவுக்கானது என்று எடுத்துக்கொள்ளும். இது நல்லதும் கெட்டதும். எண்ணெயை துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் .com-தான் வசதி. இன்னொன்று, .in-ல் உரிமையாளர் விவரத்தை வேறொரு நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் மறைத்துவைக்க அனுமதி இல்லை. சொந்தப் பெயரில், சரியான முகவரியோடுதான் பதிய வேண்டும்.

ஏற்கெனவே டொமைன் இருந்தால் இதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்:

```
whois example.in
```

வரும் பதிலில் Registrar, Registry Expiry Date என்ற இரண்டு வரிகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி நீங்கள் யாரிடம் இருக்கிறீர்கள் என்று சொல்லும். அவர் கேட்கிற விலையை மற்ற ரெஜிஸ்ட்ரார்களின் புதுப்பிக்கும் விலையோடு ஒப்பிடுங்கள். எல்லோரிடமும் அதிகம் என்றால் மொத்த விலையே அதிகம், மாறிப் பயனில்லை. இவரிடம் மட்டும் அதிகம் என்றால் மாறலாம். மாற்றும் கட்டணத்தில் வழக்கமாக ஒரு வருஷம் சேர்ந்தே வரும். ஆனால் காலாவதிக்கு ஒரு மாதம் முன்னாடியே ஆரம்பித்துவிடுங்கள். தேதி தாண்டி, நிலை redemptionPeriod என்று வந்துவிட்டால் பெயரை மீட்கத் தனிக் கட்டணம். அது பெரும்பாலும் புதுப்பிக்கும் விலையைவிடப் பல மடங்கு.

பொள்ளாச்சிக் கடைக்கு என் கணக்கு இதுதான்: .in-ஐ முக்கிய முகவரியாக வைத்து, முதலிலேயே சில வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடலாம். .com காலியாக இருந்தால் அதையும் வாங்கி .in-க்குத் திருப்பிவிடலாம். இரண்டும் சேர்ந்து 10 வருஷத்துக்கு 20,180 ரூபாய். அந்த 99 ரூபாய் .store தனியாகக் கேட்கிற தொகையைவிட 15,910 ரூபாய் குறைவு.