தொள்ளாயிரமா, தொண்ணூறா?

காசோலையில் எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறொரு தொகையும் இருந்தால் எது செல்லும்? எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆவது பிரிவில். ஆனால் நடைமுறையில் வங்கிகள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது குறைவு. எழுத்தும் எண்ணும் பொருந்தவில்லை என்று காரணம் எழுதி, காசோலையைத் திருப்பிவிடுவதே வழக்கம்.

காசோலையைத் தமிழில் தாராளமாக எழுதலாம். அந்தந்த மாநில மொழியில் எழுத ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இடம் தருகிறது. தமிழில் எழுதும்போது பெரும்பாலும் சறுக்குவது ஒன்பதில்தான். இருபது முதல் எண்பது வரை எல்லாப் பத்துகளும் ‘பது’ என்று முடிகின்றன. இருநூறு முதல் எண்ணூறு வரை எல்லாம் ‘நூறு’ என்று முடிகின்றன. ஒன்பதின் வரிசை மட்டும் ஒரு படி மேலே ஏறி நிற்கிறது. 90-ஐக் குறிக்கும் தொண்ணூறு ‘நூறு’ என்று முடிகிறது. 900-ஐக் குறிக்கும் தொள்ளாயிரமோ ‘ஆயிரம்’ என்று முடிகிறது. வால் பகுதியை மட்டும் பார்த்துப் படிப்பவர் இங்கே ஏமாந்துபோவார்.

ஓர் உதாரணம். கட்டத்தில் 84,950 என்று இருக்கிறது. எழுத்தில் ‘எண்பத்து நான்காயிரத்துத் தொண்ணூற்று ஐம்பது மட்டும்’ என்று இருக்கிறது. ‘தொண்ணூற்று’ வந்துவிட்டால் அடுத்து ஒன்று முதல் ஒன்பது வரைதான் வரலாம். ஐம்பது வர வழியே இல்லை. அப்படி ஓர் எண் கிடையாது என்பதால் படிக்கும்போதே பிழை தெரிந்துவிடும். அதே பிழை 84,900-இல் நேர்ந்தால்தான் ஆபத்து. ‘எண்பத்து நான்காயிரத்துத் தொண்ணூறு மட்டும்’ என்பது குறையில்லாத ஓர் எண், 84,090. சட்டப்படி அதுதான் தொகை. வாங்குகிறவருக்கு 810 ரூபாய் குறையும்.

தமிழ் எண்ணுப்பெயர்களுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பும் இருக்கிறது. எண் அங்கேயே முடிந்தால் நூறு, ஆயிரம், லட்சம் என்று நிற்கும். இன்னும் தொடர்ந்தால் நூற்று, ஆயிரத்து, லட்சத்து என்று மாறும். ‘இருபத்தைந்தாயிரத்து மட்டும்’ என்று எழுதியிருந்தால் நடுவில் ஏதோ விடுபட்டிருக்கிறது. கட்டத்தில் 25,500 இருக்க, எழுத்தில் ‘இருபத்தைந்தாயிரம் மட்டும்’ என்று முடிந்திருந்தால் ஐநூறு விட்டுப்போயிற்று.

சுழியங்களை எழுத்து வாய்விட்டுச் சொல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘ஒரு லட்சத்து ஐயாயிரத்து எட்டு’ என்பதில் நூறும் பத்தும் இல்லை. லட்சத்தின் இடத்தில் 1, ஆயிரத்தின் இடத்தில் 05, மீதி மூன்று இடங்களில் 008 என்று நிரப்பினால் 1,05,008 வரும். ஆயிரத்துக்கு இரண்டு இடம் உண்டு என்பதை மறந்தவர்தான் அதை 1,50,008 என்று எழுதிவிடுகிறார். ‘லட்சத்து’, ‘ஆயிரத்து’ என்ற சொற்கள் முடியும் இடங்களில்தான் எண்ணில் காற்புள்ளி விழுகிறது. ஆகவே காற்புள்ளிக்குக் காற்புள்ளி ஒப்பிட்டால் போதும்.

சரிபார்க்கும்போது எண்ணை முதலில் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் கண் எழுத்திலும் அதையே தேடிக் கண்டுபிடித்துவிடும்; தொண்ணூறு தொள்ளாயிரமாகவே தெரியும். கட்டத்தை விரலால் மறைத்துக்கொண்டு எழுத்தைச் சொல் சொல்லாக வாய்விட்டுப் படியுங்கள். படித்ததை ஒரு துண்டுத்தாளில் எண்ணாக எழுதுங்கள். பிறகு விரலை எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

வரியின் இடது ஓரத்தையும் பாருங்கள். அங்கே இடம் விட்டு ‘லட்சம்’ என்று தொடங்கியிருந்தால், முன்னால் ‘பத்து’ என்று யாரும் சேர்த்துவிடலாம். ‘நூறு’ முன்னால் ‘ஐ’ ஒட்டினால் ஐநூறு ஆகிவிடும். ‘ஒரு லட்சம்’ என்று ஓரத்தை ஒட்டியே தொடங்கி, ‘மட்டும்’ போட்டு முடித்து, மீதி இடத்தில் கோடு இழுத்துவிட வேண்டும். எண்ணுக்கும் அப்படியே: முன்னால் இடம் விடாமல் எழுதி, பின்னால் ‘/-’ போட வேண்டும்.

பிழை தென்பட்டால் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காலம் போய்விட்டது. இப்போது காசோலைக்குப் பதிலாக அதன் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது. இந்த முறையில் தேதியைத் தவிர வேறு எதையும் திருத்த ரிசர்வ் வங்கி இடம் தருவதில்லை. தொகையில் ஓர் எழுத்து தவறினாலும் அந்தத் தாளை ரத்து செய்துவிட்டுப் புதிய காசோலை எழுதுங்கள். வாங்குகிறவராக இருந்தால், கொடுத்தவர் எதிரில் இருக்கும்போதே படித்துப் பார்த்து வாங்குங்கள்.