வீட்டுவரிக் கேட்பு அறிவிப்பை வாசிப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் எல்லையோர ஊர் ஒன்றிலிருந்து நம் வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் ஒரு புகைப்படத்துடன் வங்கிக் கிளைக்கு வந்தார். வீட்டை விரிவுபடுத்தக் கடன் கேட்டிருந்தார். அதற்கு ஊராட்சியின் உடைமைச் சான்று தேவைப்பட்டது. சான்று கேட்கப் போன இடத்தில், வரி நிலுவை தீர்ந்த பிறகே அது கிடைக்கும் என்று கூறிவிட்டார்கள். வீட்டில் ஒட்டப்பட்டிருந்த கேட்பு அறிவிப்பைத் தம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நம்மிடம் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அறிவிப்போ மலையாளத்தில் இருந்தது. அதில் மூன்று வரிகள் அவரைக் கலங்க வைத்திருந்தன: மண்டலம், நிலுவை, தண்டவட்டி. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் உள்ள தமிழ் வாசகர்கள் பலருக்கு இதே தாள் வருவதால், அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறோம்.

முதலில் படத்தைப் பார்ப்போம்

படம் மடிப்புடன் எடுக்கப்பட்டிருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் ஓர் எண் 1 ஆகவும் தெரிந்தது, 7 ஆகவும் தெரிந்தது. தாளின் பின்பக்கம் படத்தில் இல்லை. மறுப்பை யாரிடம், எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பன போன்ற குறிப்புகள் பின்பக்கத்தில் இருக்கக்கூடும். ஆகவே தாளைத் தட்டையாக விரித்து, இரு பக்கங்களையும் தனித்தனியே படம் எடுக்க வேண்டும். அறிவிப்பு கைக்கு வந்த நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுப்புக்கான காலக்கெடு அந்த நாளிலிருந்தே எண்ணப்படும்.

அடுத்து மலையாளச் சொற்கள். 'வஸ்து நிகுதி' என்பது சொத்துவரி. 'மேகல' என்பது மண்டலம். 'தறவிஸ்தீர்ணம்' என்பது கட்டடத்தின் தரைப்பரப்பு. அது சதுர மீட்டரில் குறிக்கப்படும். 'குடிச்சிக' என்பது நிலுவை. 'பிழப்பலிச' என்பது தண்டவட்டி. மலையாளத்தில் 'பலிச' என்றால் வட்டி. 'கிரந்தசாலா செஸ்' என்பது நூலகத்துக்கான சிறுவரி; சொத்துவரியில் 5 விழுக்காடு.

எந்த வரி இது?

நம் வாடிக்கையாளர் கையில் ஒரு கட்டு ரசீதுகள் இருந்தன. "ஆண்டுதோறும் கரம் கட்டியிருக்கிறேனே!" என்றார். எடுத்துப் பார்த்தபோது அவற்றுள் பெரும்பாலானவை கிராம அலுவலகம் தந்த நிலவரி ரசீதுகள். நிலவரி வருவாய்த்துறைக்குச் செல்வது. கட்டடம் கட்டி முடிந்ததும் ஒரே முறை செலுத்தும் கட்டடவரி ஒன்றும் உண்டு. அது 1975 ஆம் ஆண்டின் கேரளக் கட்டடவரிச் சட்டப்படி வட்டாட்சியர் விதிப்பது. இவ்விரண்டும் சொத்துவரி ஆகா. சொத்துவரியை ஊராட்சிகள் 1994 ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் 203 ஆம் பிரிவின்படியும், நகராட்சிகள் அதே ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் 233 ஆம் பிரிவின்படியும் விதிக்கின்றன. கடனுக்காக நிலவரி ரசீதை வங்கி கேட்பதால், அதுவே வீட்டுவரி ரசீது என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் கிராம அலுவலக ரசீது எத்தனை இருந்தாலும் ஊராட்சி நிலுவை ஒரு ரூபாய்கூடக் குறையாது.

மண்டலம்: கணக்கின் தொடக்கம்

அறிவிப்பை மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும். ஏனெனில் மேல்வரியில் உள்ள பிழை கீழ்வரிகள் எல்லாவற்றிலும் இறங்கும். 2011 ஆம் ஆண்டின் விதிகளின்படி வரி, வீட்டின் தரைப்பரப்பிலிருந்து தொடங்குகிறது. பரப்பை ஊராட்சி நிர்ணயித்த அடிப்படை வீதத்தால் பெருக்குகிறார்கள். பிறகு மண்டலம், வீட்டை எட்டும் சாலையின் அகலம், கட்டடத்தின் வயது, கூரை, தரை முதலியவற்றைப் பார்த்து, அந்தத் தொகையில் சில விழுக்காடுகளைக் கூட்டியோ குறைத்தோ இறுதி வரியைக் காண்கிறார்கள்.

ஊராட்சிப் பகுதி முதல், இரண்டாம், மூன்றாம் மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. கடைத்தெருவும் வசதிகளும் உள்ள பகுதி முதல் மண்டலம். வளர்ச்சி குறைந்த உட்பகுதி மூன்றாம் மண்டலம். மண்டல எல்லையை மாற்றித் தரும்படி தனி வீட்டுக்காரர் கேட்பது எளிதன்று. 'என் வீடு உண்மையில் எந்த மண்டலத்தில் இருக்கிறது?' என்று அவர் கேட்கலாம். ஊராட்சி வெளியிட்ட மண்டல அறிவிக்கையில் உங்கள் வார்டும் சாலையும் எங்கே குறிக்கப்பட்டுள்ளன என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அண்டை வீட்டார் இருவரின் அறிவிப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே சாலையில் அவர்கள் இரண்டாம் மண்டலத்திலும் நீங்கள் முதல் மண்டலத்திலும் இருந்தால், பதிவில் பிழை இருக்கக்கூடும்.

இடுக்கியின் மலையூர்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வீடு கடைத்தெருவுக்கு அருகில் இருப்பதால் மேல்மண்டலத்தில் சேர்ந்திருக்கலாம். ஆனால் வண்டி போகும் வழியே இன்றிப் படிக்கட்டில் ஏறித்தான் அதை அடைய முடியும். மண்டலம் சரியாகவே இருக்கும். சாலை அகலம் என்ற தனிக்குறிப்பில்தான் திருத்தம் வேண்டும். அங்கே மண்டலத்தை எதிர்த்து மனு எழுதினால் மனு தோற்கும்.

நிலுவை: ரசீது பேச வேண்டிய இடம்

சொத்துவரி அரையாண்டு வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான முதல் அரையாண்டின் வரியைச் செப்டம்பர் 30-க்குள்ளும், அக்டோபர் முதல் மார்ச் வரையிலான இரண்டாம் அரையாண்டின் வரியை மார்ச் 31-க்குள்ளும் செலுத்த வேண்டும். நிலுவை வரியில் ஒரே தொகை இருந்தால், அது எந்தெந்த அரையாண்டுகளுக்கு உரியது என்று பிரித்துத் தரும்படி கேளுங்கள். அப்படிப் பிரித்தால்தான் ரசீதுகளுடன் ஒப்பிட முடியும்.

செலுத்திய வரி நிலுவையாகத் தோன்றுவதற்கு அடிக்கடி காரணமாவது வீட்டு எண் மாற்றம். வார்டுகள் மறுவரையறை செய்யப்படும்போது வார்டு எண்ணும் கட்டட எண்ணும் மாறுகின்றன. பழைய எண்ணில் செலுத்திய பணம் பழைய எண்ணிலேயே தங்கிவிட, புதிய எண்ணில் நிலுவை வளர்கிறது. ஆகவே ரசீதில் உள்ள எண்ணையும் அறிவிப்பில் உள்ள எண்ணையும் முதலில் ஒப்பிடுங்கள்.

தண்டவட்டி: நிலுவையின் நிழல்

நம் வாடிக்கையாளரின் கணக்கை எளிதாக்கி, சிறுவரிகளை நீக்கிக் காட்டுகிறோம். தரைப்பரப்பு 100 சதுர மீட்டர். கூட்டல் குறைத்தல் எல்லாம் முடிந்து ஆண்டுவரி 600 ரூபாய், அரையாண்டுக்கு 300 ரூபாய் என்று கொள்வோம். அறிவிப்பு 2022 டிசம்பர் முடிய வட்டி கணக்கிடுகிறது. வட்டி மாதம் 1 விழுக்காடு, தனிவட்டி. வட்டிக்கு வட்டி இல்லை. அதாவது ஓர் அரையாண்டு நிலுவைக்கு மாதம் 3 ரூபாய்.

2020-21 முதல் அரையாண்டின் கெடு 2020 செப்டம்பர் 30. அதன் பின் 27 மாதங்கள், வட்டி 81 ரூபாய். அதே ஆண்டின் இரண்டாம் அரையாண்டுக்கு 21 மாதங்கள், 63 ரூபாய். 2021-22-இன் இரண்டு அரையாண்டுகளுக்கு 15 மாதமும் 9 மாதமும். வட்டி 45 ரூபாயும் 27 ரூபாயும். நிலுவை மொத்தம் 1,200 ரூபாய், தண்டவட்டி 216 ரூபாய். ஆகக் கேட்பு 1,416 ரூபாய். 2022-23-இன் நடப்பு வரி தனி வரியாக வரும்.

அவருடைய கட்டில் தேடியபோது 2020-21-க்கான ஊராட்சி ரசீது ஒன்று கிடைத்தது; அதில் இருந்தது பழைய வீட்டு எண். அந்த 600 ரூபாய் புதிய எண்ணுக்கு மாற்றப்பட்டால் நிலுவை பாதியாகும். அதனுடன் 81-உம் 63-உம் சேர்ந்த 144 ரூபாய் வட்டியும் நீங்கும். ஒரே தாள் 744 ரூபாயைக் குறைக்கிறது. மீதி 672 ரூபாய். தண்டவட்டியைக் குறைக்கும்படி தனியே மன்றாடுவதில் பயன் இல்லை என்பதற்கு இதுவே சான்று. நிலுவை திருந்தினால் வட்டி தானே திருந்தும். மண்டலம் திருந்தினால் இரண்டும் திருந்தும்.

உங்கள் அறிவிப்பில் வட்டி வீதம் வேறாக இருந்தால் அந்த வீதத்தை இட்டு இதே முறையில் பெருக்கிப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அடிப்படை வீதங்கள் திருத்தப்பட்டதையும், ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்வு வருவதையும் நினைவில் கொள்ளுங்கள். பழைய ஆண்டு நிலுவைக்குப் புதிய வீதம் இடப்பட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். உரிமையாளர் தாமே குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்கு அப்போது முதல் வரிவிலக்கும் உண்டு. சில ஆண்டுகளில், மார்ச் 31-க்குள் நிலுவையை ஒரே தவணையில் கட்டுவோருக்கு மாநில அரசு தண்டவட்டியைத் தள்ளுபடி செய்திருக்கிறது. பணம் கட்டும் முன் அத்தகைய ஆணை நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எழுத வேண்டியதும் கட்ட வேண்டியதும்

திருத்த மனுவை ஊராட்சிச் செயலருக்கு எழுதுங்கள். அறிவிப்பின் எண், நாள், பழைய, புதிய வீட்டு எண்கள், பிழை உள்ள வரி ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறித்து, ரசீதின் நகலை இணையுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை பெறுங்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில அரசின் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே மலையாளம் எழுதத் தெரியாததால் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். செயலரின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையெனில் மேல்முறையீடு உண்டு; அதற்கு மேல் திருவனந்தபுரத்தில் உள்ளாட்சி அமைப்புகளுக்கான தீர்ப்பாயமும் இருக்கிறது.

மனு முடிவாகும் வரை முழுத்தொகையையும் நிறுத்தி வைப்பது தவறு. நீங்களே ஒப்புக்கொள்ளும் பகுதியைச் செலுத்திவிட்டால் அதன் மீதான வட்டி அன்றோடு நிற்கும். அந்தப் பகுதிக்காக ஜப்தி நடவடிக்கை வரவும் இடம் இராது. பணத்தை அலுவலகத்திலோ அரசின் இணையவழியிலோ மட்டும் செலுத்துங்கள். கைப்பேசிக்கு வரும் அறியாத இணைப்புகளைத் தொட வேண்டாம்.

நம் வாடிக்கையாளர் 672 ரூபாயையும் நடப்பு வரியையும் கட்டி, பழைய ரசீதின் நகலுடன் மனு கொடுத்தார். உடைமைச் சான்றுக்கான விண்ணப்பத்தையும் அன்றே கொடுத்துவிட்டு வந்தார். இப்போது அவருடைய வீட்டில் நிலவரி ரசீதுகள் ஓர் உறையிலும், ஊராட்சி ரசீதுகள் வேறோர் உறையிலும் இருக்கின்றன.