வளர்ச்சியின் நான்கு வழிகள்: ஒரு டியூஷன் நிலையத்தின் கணக்கு

ஒரு தொழில் வளர வேண்டுமென்றால் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எதை விற்கப் போகிறோம்? யாரிடம் விற்கப் போகிறோம்? இவ்விரண்டுக்கும் ‘இப்போது உள்ளது’ அல்லது ‘புதியது’ என்று விடை சொல்லலாம். இரண்டு கேள்விகளும் இரண்டு விடைகளும் சேர்ந்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கின்றன. இந்த எளிய பகுப்பை இகோர் அன்சோஃப் என்னும் மேலாண்மை அறிஞர் 1957ஆம் ஆண்டு ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ’ இதழில் எழுதிய கட்டுரையில் முன்வைத்தார்.

இருக்கும் பொருளை இருக்கும் வாடிக்கையாளரிடமே கூடுதலாக விற்பது சந்தை ஊடுருவல். அதே வாடிக்கையாளருக்குப் புதிய பொருளைத் தருவது பொருள் மேம்பாடு. இருக்கும் பொருளைப் புதிய வாடிக்கையாளரிடம் கொண்டு செல்வது சந்தை மேம்பாடு. பொருளும் புதிது, வாடிக்கையாளரும் புதியவர் என்றால் அது பன்முகப்படுத்தல். பெயர்களை மனனம் செய்வது எளிது. ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு இவற்றுள் எது, எப்போது பொருந்தும் என்று முடிவெடுப்பதே கடினம். அதற்கு நமக்கெல்லாம் நன்கு தெரிந்த ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம்.

கிள்ளானில் கடை வீடு ஒன்றின் மாடியில் நடைபெறும் டியூஷன் நிலையத்தைக் கற்பனை செய்வோம். தமிழ்ப்பள்ளியில் 4, 5, 6ஆம் ஆண்டுகளில் பயிலும் 120 பிள்ளைகள் இங்கே பிரத்தியேக வகுப்புக்கு வருகிறார்கள். பிரிவுக்கு 12 பேர் வீதம் 10 பிரிவுகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் 20 பேர் அமரலாம். மாதக் கட்டணம் 100 ரிங்கிட். ஆகவே வருமானம் 12,000 ரிங்கிட். வாடகை 2,500, ஆசிரியர்களுக்குப் பிரிவு ஒன்றுக்கு 600 வீதம் 6,000, எழுத்தர் சம்பளம், மின்சாரம், நகலெடுப்பு முதலியவற்றுக்கு 2,000. மொத்தச் செலவு 10,500. மாதம் 1,500 ரிங்கிட் மிஞ்சுகிறது.

முதல் வழியைப் பார்ப்போம். ‘ஊடுருவல்’ என்னும் சொல் அந்நியரின் இடத்திற்குள் நுழைவதுபோல ஒலித்தாலும், உண்மையில் இது நின்ற இடத்திலேயே வேர் ஆழப் பிடிப்பதாகும். மேலும் 40 பிள்ளைகள் சேர்ந்தால் பிரிவுக்கு 16 பேர் ஆவார்கள். அறையில் இடம் இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் பிரிவுக்கானது என்பதால் அது கூடுவதில்லை. தலைக்கு 10 ரிங்கிட் நகலெடுப்புச் செலவு மட்டுமே கூடும். வருமானம் 4,000 ஏற, செலவு 400 ஏறும். மிச்சம் 1,500லிருந்து 5,100 ஆகிவிடும். நான்கு வழிகளுள் இதுவே மிகக் குறைந்த ஆபத்துடையது என்று சொல்லப்படுவதன் காரணம் காலி நாற்காலியில் இருக்கிறது.

ஆனால் அந்த 40 பேரையும் எப்படிச் சேர்க்கிறோம் என்பது முக்கியம். கட்டணத்தை எல்லாருக்கும் 80 ரிங்கிட்டாகக் குறைத்துச் சேர்த்தோம் என்று வைத்துக்கொள்வோம். 160 பேரின் கட்டணம் 12,800 ஆகும், செலவு 10,900, மிச்சம் 1,900. நாற்பது பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பாடம் நடத்தி, அத்தனை பேரின் பயிற்சித் தாள்களையும் திருத்திய பிறகு, கையில் கூடியது 400 ரிங்கிட்தான். தள்ளுபடி புதியவர்களோடு நிற்பதில்லை. ஏற்கெனவே முழுக் கட்டணம் செலுத்திவந்த 120 பேரிடமும் வருமானத்தைக் குறைத்துவிடுகிறது. எனவே தள்ளுபடி தர வேண்டுமாயின் அதைச் சேரும் முதல் மாதத்தோடு நிறுத்திக்கொள்வதே முறை.

இன்னொன்றும் உண்டு. ஆண்டுதோறும் 6ஆம் ஆண்டை முடிக்கும் ஏறக்குறைய 40 பேர் வெளியேறுகிறார்கள். அந்த இடங்கள் நிரம்பினால்தான் நிலையம் பழைய நிலையிலாவது நிற்கும். ஆண்டு நடுவில் நின்றுவிடும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால், புதிதாகச் சேர்ப்பதைவிடச் சேர்ந்தவர்களைத் தக்கவைப்பதே சந்தை ஊடுருவலின் முதற்படி என்பது விளங்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும் எண்ணும் நிலையம், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புகிறது. எத்தனை பேர், எந்த மாதத்தில், எந்தப் பிரிவிலிருந்து நின்றார்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு அந்த ஓட்டையைக் காட்டிவிடும்.

வெளியேறும் அந்த 40 பேரே இரண்டாம் வழியை நமக்குக் காட்டுகிறார்கள். பெற்றோர் நம்மை அறிவார்கள்; பிள்ளையின் பலமும் பலவீனமும் நமக்குத் தெரியும். அவர்களுக்காகப் படிவம் 1 வகுப்பைத் தொடங்கினால் அது பொருள் மேம்பாடு. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, அதுவரை தமிழில் கற்ற பாடங்களை வேறு மொழியில் தொடர வேண்டியிருப்பதால் தேவையும் உண்மையானதே. கட்டணம் 120 ரிங்கிட். இரண்டு பாடங்களுக்கு ஆசிரியர் செலவு மாதம் 1,400 என்று கொள்வோம். பாதிப் பேர், அதாவது 20 பேர், தொடர்ந்தால் 1,000 ரிங்கிட் மிஞ்சும். எட்டுப் பேர் மட்டுமே வந்தால் 440 ரிங்கிட் கையிலிருந்து போகும். ஈடுகட்டும் எண்ணிக்கை 12.

அந்தப் பன்னிரண்டு பேர் வருவார்களா? பெற்றோரிடம் கருத்துக் கேட்டால் பெரும்பாலோர் ‘நல்ல யோசனைதான்’ என்பார்கள். அது பண்பாட்டின் விடை, சந்தையின் விடை அன்று. சிறு முன்பணம் கேட்டுப் பதிவு செய்தால்தான் உண்மை தெரியும். இங்கே பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பல இடைநிலைப்பள்ளிகளில் கீழ்ப் படிவங்கள் பிற்பகலில் நடைபெறுகின்றன. நேற்றுவரை பிற்பகல் மூன்று மணிக்கு வந்த அதே பிள்ளை இனிக் காலையில்தான் வர முடியும். வகுப்புக்குச் செல்வதா வேண்டாமா என்பதில் பிள்ளையின் விருப்பமும் இப்போது எடை பெறுகிறது. பெயரளவில் அதே வாடிக்கையாளர். நடைமுறையில் பாதி புதியவர். கட்டத்தின் கோடு நாம் வரைந்ததைவிடச் சற்று வளைந்தே செல்கிறது.

மூன்றாம் வழி சந்தை மேம்பாடு. அதே பாடத்தை வேறோர் ஊருக்குக் கொண்டு செல்வதாகக் கொள்வோம். புதிய கிளைக்கு வாடகை 2,000. நான்கு பிரிவுகளுக்கு ஆசிரியர் செலவு 2,400. பிற செலவு 1,200. மொத்தம் 5,600. ஈடுகட்ட 56 பிள்ளைகள் வேண்டும். முதல் மாதங்களில் 25 பேர் வந்தால் மாதந்தோறும் 3,100 ரிங்கிட் குறையும். தாய் நிலையத்தின் மிச்சம் 1,500ஆக இருக்கும்போது கிளையைத் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து மூழ்கும். காலி நாற்காலிகளை முதலில் நிரப்பி மிச்சத்தை 5,100ஆக உயர்த்திய நிலையம் அதே கிளையைத் தாங்கும். ஆகவே இந்நான்கும் தனித்தனி விருப்பத் தேர்வுகள் மட்டுமல்ல. ஒன்றின் வருமானம் இன்னொன்றின் தவிப்புக் காலத்தைத் தாங்குவதால் அவற்றுக்குள் ஒரு வரிசையும் இருக்கிறது.

கிளை தோற்பதற்கு மற்றொரு காரணம், நிறுவனரின் பெயரையும் பொருளின் தரத்தையும் பிரித்தறியாமையாகும். பெற்றோர் வாங்கியது ஓர் ஆசிரியரின் கற்பித்தலை என்றால், அவர் செல்லாத ஊரில் விற்பதற்கு எதுவும் இல்லை. இதைச் சோதிக்க ஊர் மாற வேண்டியதில்லை. நிறுவனர் மூன்று மாதம் தாய் நிலையத்தில் பாடம் நடத்தாமல் இருந்து பார்க்கலாம். பிள்ளைகள் நின்றால், கிளைக்கு முன் பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் எழுத்து வடிவம் பெற வேண்டும்.

நான்காம் வழி பன்முகப்படுத்தல். வார இறுதியில் காலியாக இருக்கும் அறைகளில், வேலைக்குச் செல்லும் பெரியவர்களுக்குக் கணக்குப்பதிவு வகுப்பு நடத்துவதை எடுத்துக்கொள்ளலாம். பழைய தொழிலிலிருந்து இங்கே என்ன கூட வருகிறது என்று பட்டியலிட வேண்டும். அறை வரும், கால அட்டவணை நடத்தும் பழக்கம் வரும். ஆசிரியரின் திறமை வராது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோரிடம் பெற்ற நற்பெயரும் வராது. பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு ஆபத்து பெரிது. பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வேன் ஓட்டுவது கட்டத்தின்படி பொருள் மேம்பாடுதான். வாடிக்கையாளர் அதே பெற்றோர். ஆயினும் அதற்கு வேண்டிய ஓட்டுநர், உரிமம், காப்புறுதி யாவும் டியூஷன் நிலையத்திற்கு முற்றிலும் அந்நியமானவை. கட்டத்தின் பெயர் ஆபத்தை அளக்காது. கூட வருபவற்றின் பட்டியலே அளக்கும்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் பன்முகப்படுத்தலை ஏன் எண்ண வேண்டும்? மலேசியாவின் அண்மைக் கல்வி வரலாறே விடை தருகிறது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள். பெற்றோர் அப்படியே இருந்தார்கள். தேர்வுக்குத் தயார்ப்படுத்துதல் என்ற பொருள் மட்டும் மறைந்தது. அந்நிலையில் எத்தனை துண்டறிக்கை விநியோகித்தாலும் முதல் வழி உதவாது. இரண்டாம் வழியில் பி.டி.3 வகுப்பைத் தொடங்கித் தப்பிக்க எண்ணிய நிலையம், 2022இல் அத்தேர்வும் அகற்றப்பட்டபோது மீண்டும் அதே இடத்தில் நின்றிருக்கும். இரண்டு பொருள்கள் இருந்தும் வேர் ஒன்றே: அரசாங்கத் தேர்வு. பொருள்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் ஆபத்து பரவலாகிவிடாது; அவை ஒரே காரணத்தால் ஒருங்கே விழுமா என்று பார்க்க வேண்டும்.

அதே வேளையில், ‘தேர்வுப் பயிற்சி’ என்று தன்னை வரையறுக்காமல் ‘வாசிப்பும் கணக்கும் மலாய்மொழியும் தடுமாறாத பிள்ளை’ என்று வரையறுத்துக்கொண்ட நிலையத்திற்கு அவ்வாண்டு இழப்பு சிறியதாகவே இருந்திருக்கும். அது தாவ வேண்டிய தூரமும் குறைவு. எனவே நான்கு கட்டங்களை வரைவதற்கு முன், பெற்றோர் மாதந்தோறும் 100 ரிங்கிட் கொடுத்து எதை வாங்குகிறார்கள் என்பதை ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். அந்த வரி தவறாக இருந்தால், அதன்மேல் வரையும் நான்கு கட்டங்களும் தவறான இடத்திலேயே அமையும்.