வெள்ளிக்கிழமை யார் முறை?

தெருவில் 28 வீடுகள். நாளுக்கு இரண்டு வீடாகப் பெருக்கினால் 14 நாளில் ஒரு சுற்று முடியும். ஊராட்சிச் செயலர் இப்படி எழுதி வீட்டுக்கு வீடு கடிதம் கொடுத்தால், கணக்குச் சரியாகத்தான் தெரியும். இரண்டாவது மாதத்தில் புகார் வரும்.

காரணம் எளிது. 14 நாள் என்பது சரியாக இரண்டு வாரம். முதல் சுற்றில் வெள்ளிக்கிழமை வாய்த்த வீட்டுக்கு ஆண்டு முழுக்க வெள்ளிதான். ஊரில் வியாழன் சந்தை என்றால், மறுநாள் காலை கிடக்கும் வாழை மட்டை, அழுகிய தக்காளி, பாலித்தீன் பை எல்லாம் அந்த நான்கு வீட்டார் தலையிலேயே விடியும். அதே தெருவில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டையும் விலக்கினால் 26 வீடு, 13 நாள் சுற்று. வெள்ளி வந்த வீட்டுக்கு அடுத்த முறை வியாழன், அதற்கடுத்து புதன். சந்தைக் குப்பை எல்லோருக்கும் சுற்றி வரும். பூட்டிய வீடு இல்லாத தெருவில், மாதம் ஒரு நாளை எல்லோருமாகச் சேர்ந்து பெருக்கும் நாளாக வைத்து, அன்று முறையை நிறுத்தினாலும் கிழமை நகர்ந்துவிடும்.

வீடுகளைத் தலைக்கட்டுக் கணக்கில் எடுக்காமல் கதவு எண் வரிசையில் எடுப்பது நல்லது. தலைக்கட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் விடுபடுவார்கள். எந்தத் தெருவும் விலக்கில்லை என்பதையும் கடிதத்திலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் ஊருக்கெல்லாம் பெருக்கும் வேலை ஒரே தெருக்காரர்கள் மேல் போய் விழும். நம் ஊர்களில் அது எந்தத் தெரு என்று சொல்லத் தேவையில்லை.

அவரவர் வாசலைப் பெண்கள் விடியற்காலையிலேயே பெருக்கிக் கோலம் போட்டுவிடுகிறார்கள். ஆகவே முறை என்பது குழாயடி, ரேஷன் கடை முன்புறம், தெரு முனை போன்ற பொது இடத்துக்கு மட்டும். “முறை வீட்டுக்குத்தான், வீட்டுப் பெண்ணுக்கு அல்ல” என்று ஒரு வரி சேர்த்தால் ஆண்களும் துடைப்பத்தை எடுப்பார்கள். தூய்மைக் காவலர் வண்டி வருவதற்குள் மட்கும் குப்பை, மட்காத குப்பை என இரண்டு கூடையில் சேர்த்து வைக்க வேண்டும். கொளுத்தக் கூடாது.

வாறுகாலை இந்த முறைக்குள் கொண்டுவரவே கூடாது. மனிதக் கழிவு கலந்த வாறுகாலைக் கையால் அள்ளச் சொல்வது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெருவைத் துப்புரவாக வைப்பதும் 1994 ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமைதான். அந்தக் கடமையை ஒரு கடிதத்தால் வீட்டுக்காரர்கள் மேல் இறக்கிவைக்க முடியாது. முறை என்பது கிராம சபையில் பேசி ஒப்புக்கொண்ட கூட்டு ஏற்பாடு. வராத வீட்டுக்கு அபராதம், குடிநீர் நிறுத்தம் என்று மிரட்டுவது தவறு. தூய்மைக் காவலர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு முறை போடுவது அதைவிடத் தவறு.

முறை நடக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு பலகை போதும். அன்றைய வீட்டு வாசலில் அது தொங்கும். பெருக்கி முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரே வாசலில் மூன்று நாள் தொங்கினால் செயலர் நேரில் போய்க் கேட்கட்டும். துக்க வீடாக இருக்கலாம், நாற்று நடவுக்குப் போயிருக்கலாம். பக்கத்து வீட்டோடு நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னால் பலகை மறுபடி நகரும்.