‘கொதிக்க’ என்று நின்றுபோன வரி

மாநகரப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருக்கும் கைபேசியில் ரசம் வைக்கும் வீடியோவைப் பார்க்கிறார் ஒருவர். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று ஒலியை அடைத்துவிட்டார். திரையில் ஒரு வரி வருகிறது: “நுரை கட்டி வர்ற வரைக்கும் பொறுங்க, கொதிக்க”. அது இரண்டு விநாடி நிற்கிறது. அடுத்து “விட்டுடாதீங்க” என்ற ஒற்றைச் சொல் அரை விநாடி மின்னி மறைகிறது. அந்த அரை விநாடியில் அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அவர் வீட்டு ரசம் தளதளவென்று கொதித்திருக்கும்.

தவறு பேசியவருடையது அல்ல, அவர் சரியாகத்தான் சொன்னார். எழுத்தை வெட்டிய இடமும் அதற்குக் கொடுத்த நேரமும்தான் சமையலைக் கெடுத்தன.

படத்தோடு படமாக எழுத்தைப் பதித்துவிடும் இந்த முறையை எடிட்டர்கள் ‘பர்ன்-இன் கேப்ஷன்’ என்பார்கள். பார்ப்பவர் அதை அணைக்க முடியாது, பெரிதாக்க முடியாது, இடம் மாற்றவும் முடியாது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதன் தொடக்கமும் சமையலறையில்தான் என்பது வேடிக்கை. 1972-இல் பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச் தொலைக்காட்சி நிலையம், ஜூலியா சைல்டின் ‘தி பிரெஞ்ச் செஃப்’ சமையல் நிகழ்ச்சியைக் காதுகேளாதோருக்காக எழுத்துடன் ஒளிபரப்பியது. எல்லார் வீட்டுத் திரையிலும் அந்த எழுத்து தெரிந்தது. வேண்டியவர் மட்டும் எழுத்தை வரவழைத்துக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்காவில் 1980-இல் வந்தது.

பிறகு காட்சி தலைகீழானது. 2013 வாக்கில் ஃபேஸ்புக்கில் வீடியோக்கள் ஒலியில்லாமல் தாமாக ஓடத் தொடங்கின. தங்கள் வீடியோக்களில் 85 சதவீதம் வரை ஒலியில்லாமலே பார்க்கப்படுவதாகச் செய்தி நிறுவனங்கள் சொல்வதாக 2016-இல் டிஜிடே இதழ் எழுதியது. ஒரே தளத்தின், ஒரு காலகட்டத்தின் கணக்கு அது. எல்லா இடத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் நன்றாகக் காது கேட்பவர்களும் எழுத்தை நம்பியே படம் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

ஒலியோடு பார்ப்பவருக்கு எழுத்து ஒரு துணைதான். ஒரு வரி தவறினாலும் காது பிடித்துக்கொள்ளும். ஒலியில்லாமல் பார்ப்பவருக்குக் கண் ஒன்றே கருவி. படிப்பதும் அதுதான், பார்ப்பதும் அதுதான். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஜெரி டிடேவால் குழுவினர் கண்ணசைவை அளந்து பார்த்தபோது, திரையில் எழுத்து தோன்றினால் கண் தானாகவே அங்கே போய்விடுகிறது என்று கண்டார்கள். பேசும் மொழி புரிந்தவர்களிடமும் இதே கதைதான். ஆக, ஒரு வரி திரையில் நிற்கும் நேரம் என்பது அதைப் படிக்கும் நேரம் மட்டுமல்ல. படித்து முடித்துக் கண் சட்டிக்குத் திரும்பிவர ஆகும் நேரமும் அதில் சேர வேண்டும்.

இந்த நேரத்துக்கு உலகில் சில பழைய கணக்குகள் உண்டு. வரிக்கு 37 எழுத்தாக இரண்டு வரி நிரம்பினால் ஆறு விநாடி நிற்கட்டும் என்பது ஐரோப்பிய சப்டைட்டில்காரர்களின் பழைய வழக்கம். அது விநாடிக்குச் சுமார் 12 எழுத்து. பிபிசியின் வழிகாட்டி நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள் என்கிறது. நெட்ஃபிளிக்ஸ் ஆங்கில சப்டைட்டிலுக்கு வரிக்கு 42 எழுத்து, விநாடிக்கு 20 எழுத்து என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. எவ்வளவு சின்ன வரியானாலும் முக்கால் விநாடிக்குச் சற்று மேலாவது நிற்க வேண்டும், எவ்வளவு பெரியதானாலும் ஏழு விநாடியைத் தாண்டக் கூடாது என்பதும் அதன் விதி.

இந்த எண்களை அப்படியே தூக்கிவந்து தமிழில் வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். சொற்கணக்கு உதவாது. ‘சொல்லிக்கொண்டிருந்தார்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அது மூன்றாகப் பிரிந்து நிற்கும். சரி, எழுத்துக்கணக்கு? அதில் இன்னும் பெரிய வலை இருக்கிறது. பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் அந்தச் சொல்லில் 11 எழுத்து என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லும். பல எடிட்டிங் மென்பொருள்கள் 22 என்கும். கணினியின் யூனிகோடு முறையில் ‘ல்’ என்பது லகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ‘லி’ என்பது லகரம் ஒன்று, கொக்கி ஒன்று. இந்தச் சொல்லில் வெறும் அகர எழுத்தே கிடையாது என்பதால் கணக்கு அச்சாக இரட்டிப்பாகிறது.

ரச வரிக்கு வருவோம். அந்த அம்மாள் பேசியது இது: “இப்ப அடுப்ப நல்லா சிம்ல வச்சுட்டு, நுரை கட்டி வர்ற வரைக்கும் பொறுங்க, கொதிக்க விட்டுடாதீங்க”. நான்கு விநாடியில் சொல்லி முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு சொல், நிமிடத்துக்கு 180 என்ற வேகம். பிபிசி கணக்கில் தேறிவிடும். மென்பொருள் இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்து 91 குறிகள் என்று எண்ணி, விநாடிக்கு 23-ஐத் தொட்டுவிட்டது என்று சிவப்பு விளக்கு காட்டும். நம் எழுத்தாக எண்ணினால் மொத்தம் 59, விநாடிக்கு 15-க்குள் அடங்குகிறது.

எது சரி? இரண்டையும் முழுதாக நம்ப முடியாது. தமிழின் ஒரு எழுத்து பெரும்பாலும் மெய்யும் உயிரும் சேர்ந்த ஓர் அசை. ஆங்கில எழுத்து ஒன்றைவிட அதில் சரக்கு அதிகம். எனவே ‘விநாடிக்கு 20’ என்பதைத் தமிழ் எழுத்துக்கணக்கில் வைத்தால் ஓட்டமாகிவிடும். மென்பொருள் கணக்கில் வைத்தால் பல நல்ல வரிகள் வீணாகத் தள்ளுபடியாகும். நம் எழுத்தாக எண்ணி, இடைவெளி உட்பட விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டில் தொடங்குவது பாதுகாப்பு. சமையல், கைவேலை போல் கண்ணுக்கு வேறு வேலை இருக்கும் வீடியோவுக்கு இது இன்னும் பொருந்தும்.

அப்படியானால் 59 என்பது நான்கு விநாடியில் அடங்காது. குறைக்க வேண்டும். ‘இப்ப’ போகட்டும். ‘நல்லா’ போகட்டும். ‘நுரை கட்டி வர்ற வரைக்கும்’ என்பது ‘நுரை கட்டுற வரை’ ஆகட்டும். பேச்சின் வாசனை அப்படியே இருக்கிறது, சொல்ல வந்ததில் ஒன்றும் போகவில்லை. முதல் கேப்ஷன் இரண்டு வரி:

அடுப்ப சிம்ல வச்சுட்டு
நுரை கட்டுற வரை பொறுங்க

இடைவெளியோடு 29. பேச்சோடு சேர்ந்து தோன்றி, 2.6 விநாடி நிற்கும். விநாடிக்கு 11 சொச்சம். இரண்டாவது கேப்ஷன் தனியாக, ஒரே வரி: ‘கொதிக்க விட்டுடாதீங்க’. பேச்சில் அது 1.4 விநாடியில் முடிந்துவிடும். ஆனால் அம்மாள் அடுத்து கரண்டியை எடுக்கத் திரும்புகிறார், பேசவில்லை. அந்த மௌனத்தில் இன்னும் அரை விநாடிக்கு மேல் வரியை நிற்க விடலாம். குரல் நின்ற பிறகும் எழுத்து நிற்பது ஒலியோடு பார்ப்பவருக்குச் சற்று உறுத்தும். ஒலியில்லாதவருக்குக் குரல் எப்போது நின்றது என்பதே தெரியாது.

‘கொதிக்க’வையும் ‘விட்டுடாதீங்க’வையும் பிரிக்கவே கூடாது என்பதற்குக் காரணம் தமிழின் உடற்கட்டு. வேண்டாம் என்பதை ஆங்கிலம் பெரும்பாலும் முன்னாலேயே சொல்லிவிடும். நாம் வாக்கியத்தின் வாலில், அதுவும் வினைச்சொல்லின் வாலில் வைத்திருக்கிறோம். வாலை அடுத்த கேப்ஷனுக்குத் தள்ளினால், அது வரும்வரை திரையில் நிற்பது நேர் எதிரான பொருள். ஒவ்வொரு சொல்லாகத் துள்ளிவரும் கேப்ஷன் இப்போது பெரிய மோஸ்தர். பாட்டுக்கும் வேடிக்கைக்கும் அது அழகுதான். செய்முறை சொல்லும் தமிழ் வீடியோவுக்கு அது கெடுதல். வினை வரும்வரை கண்ணை எடுக்க முடியாமல் எழுத்தோடு கட்டிப்போட்டுவிடுகிறது.

வரியின் நீளத்தை எண்ணிக்கையைவிட அகலத்தால் அளப்பதே மேல். ‘ணை’யும் ‘ர’வும் ஒரே இடத்தை அடைப்பதில்லை. செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கும் வீடியோ 1080 பிக்சல் அகலம். இரு ஓரத்திலும் 90 விட்டால் மீதி 900. படிக்கத் தோதான அளவில், அதாவது 64 பிக்சல் உயர எழுத்துருவில், சுமார் 16 எழுத்துதான் அதில் கொள்ளும். மேலே வெட்டிய இரண்டு வரிகளும் 14, 15 என்று நிற்பது தற்செயல் அல்ல. ‘சொல்லிக்கொண்டிருந்தார்’ வந்தால் வரியில் பெரும்பகுதி போய்விடும். ‘சொன்னார்’ போதுமா என்று அங்கே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். திரையின் அடிப்பகுதியில் கணக்கின் பெயரும் விளக்கமும், வலப்பக்கம் பொத்தான்களும் ஏறிக்கொள்ளும் என்பதால், எழுத்தை நடுவுக்குச் சற்றுக் கீழே வைப்பதே பிழைக்கும் வழி.

வரி மாறும் இடத்தில் சின்ன இருட்டு வேண்டும். ஒரே அளவு, ஒரே இடம், ஒரே நிறத்தில் இரண்டு கேப்ஷன்கள் ஒட்டி வந்தால், குரல் துணையில்லாத கண்ணுக்கு மாறியதே தெரியாமல் போகலாம். நடுவே இரண்டு ஃபிரேம் வெறுமையாக விடுவது தொழில் வழக்கம். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் அது 0.08 விநாடி. அந்தச் சிமிட்டல்தான் ‘புது வரி வந்தது’ என்று கண்ணுக்குச் சொல்லும் மணி.

புள்ளியையும் கவனிக்க வேண்டும். எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று தடித்த கறுப்புக் கரை கட்டினால், சின்னத் திரையில் மெய்யெழுத்தின் புள்ளி கரைக்குள் மூழ்கிவிடும். தளங்கள் வீடியோவைச் சுருக்கும்போது மிச்சமும் கரையும். ‘கொதிக்க’ என்பதைக் கண் ‘கொதிகக’ என்று பார்த்து, ஒரு கணம் தடுக்கி, பிறகு சரிசெய்துகொள்ளும். அந்தத் தடுக்கலும் நேரத்தில்தான் கழியும். மெல்லிய கரையும், பின்னால் பாதி ஒளிபுகும் கறுப்புப் பட்டையும் இதற்கு நல்லது. வெள்ளைச் சோற்றின் மேல் வெள்ளை எழுத்து வரும்போதும் அதுவே காப்பாற்றும்.

பேச்சு மட்டுமே ஒலி அல்ல. அதே வீடியோவில் பருப்பு குக்கரில் வேகிறது, அம்மாள் வாயைத் திறக்கவில்லை, விசில் மூன்று முறை அடிக்கிறது. ஒலியோடு பார்த்தவர் எண்ணிக்கொள்வார். ஒலியில்லாதவருக்கு அங்கே ‘மூணு விசில்’ என்று எழுத்து வராவிட்டால், பருப்பு எவ்வளவு வெந்தது என்பது தெரியாமலே போகும்.

பதித்த எழுத்தைப் பிறகு திருத்த முடியாது, வீடியோவையே மறுபடி ஏற்றத்தான் வேண்டும். அதனால் வெளியிடும் முன் வீட்டில் வீடியோவைப் பார்த்திராத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, ஒலியை அடைத்து, ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டலாம். முடிந்ததும் இரண்டு கேள்வி. ரசம் கொதிக்கணுமா? நுரை என்ன நிறத்தில் இருந்தது? முதல் கேள்விக்குத் தவறாகச் சொன்னால் வரியை வெட்டிய இடம் தவறு. முதலுக்குச் சரியாகச் சொல்லி, இரண்டாவதற்கு விழித்தால், எழுத்தை மட்டும் படித்திருக்கிறார், சட்டியைப் பார்க்கவில்லை. முதல் கேப்ஷனுக்கு இன்னும் அரை விநாடி கொடுத்தாக வேண்டும்.