கேட்காமல் எவ்வளவு குறைக்கலாம்?

ஜவுளிக்கடையில் வரி நீங்கலாக 800 ரூபாய்க்கு வாங்கிய சேலை 1,000 ரூபாய்க்கு விற்கிறது. பத்து சதவீதம் தள்ளுபடி என்றால் போவது 100 ரூபாய். அது விலையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் லாபத்தில் பாதி. அதனால் ஊழியருக்கான குறிப்பில் சதவீதத்தைவிட ரூபாய்க் கணக்கே நல்லது: “இந்த ரகச் சேலைக்கு 50 ரூபாய் வரை நீங்களே குறைக்கலாம், அதற்கு மேல் முதலாளியைக் கேளுங்கள். ஏற்கெனவே தள்ளுபடியில் உள்ளதற்கு மறுபடி குறைக்க வேண்டாம்.”

குறைத்த தொகை பில்லிலேயே தனியாகத் தெரிய வேண்டும். அப்படிக் காட்டினால் குறைத்த விலைக்குத்தான் ஜிஎஸ்டி. வாயால் சொல்லிக் குறைத்தால் மாலையில் கல்லாக் கணக்கு இடிக்கும்; பழி பாவம், ஊழியர்மேல் விழும். எல்லாப் பில்லிலும் சரியாக 50 ரூபாய் கழிந்திருந்தால், வாடிக்கையாளர் கேட்குமுன்பே குறைக்கிறார்கள் என்று அர்த்தம்.