இறப்புச் சான்றுக்கு எழுதும் மனு

அண்மை ஆண்டுகளின் இறப்புச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் இணையத்திலேயே எடுத்துவிடலாம். பழைய இறப்புகளுக்குத்தான் மனு எழுத வேண்டியிருக்கிறது.

அதை எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இறப்பு பதிவாவது உயிர் பிரிந்த இடத்தில். சொந்த ஊரில் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் 1994இல் மதுரை மருத்துவமனையில் இறந்திருந்தால், அவருடைய பதிவு மதுரை மாநகராட்சியில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பயனில்லை.

மனுவில் இறந்தவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், இறந்த தேதி, மருத்துவமனையின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். 'சுப்பையா' என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் 'சுப்பிரமணியன்' என்று இருக்கலாம், இரண்டையும் குறிப்பிடுங்கள். பழைய நகல் இருந்தால் அதிலுள்ள பதிவு எண்ணே போதும், தேடும் வேலை மிச்சம். தேதி நினைவில்லையென்றால் '1993 முதல் 1995 வரை' எனக் கேளுங்கள். கட்டணம் ஆண்டுக் கணக்கில் கூடும் என்பதால் வரம்பைக் குறுக்குவது நல்லது. உங்கள் உறவுமுறை, தேவை, முகவரி, எத்தனை நகல் என்பவற்றையும் சேர்த்துக் கையொப்பமிடுங்கள். வங்கி, பட்டா, காப்பீடு என்று ஒவ்வோரிடத்திலும் கேட்பார்கள், கூடுதலாகவே வாங்கிவையுங்கள்.

இறப்புக்கான காரணம் இந்த நகலில் இருக்காது. அதை வெளியிடக் கூடாது என்கிறது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. காப்பீட்டு நிறுவனம் காரணம் கேட்டால், மருத்துவமனையைத்தான் அணுக வேண்டும்.